ரிலே வைத்து ஃபேன் ரெகுலேட்டர்: எல்லோரும் செய்கிற அந்தத் தவறு

சீலிங் ஃபேனை மொபைலில் இருந்து இயக்க ரிலே போர்டு கட்டுகிறவர்கள் என்னிடம் சர்க்யூட் படங்களைக் காட்டுவதுண்டு. ஈரக்கையோடு தொடாதே, ஒயரைச் சரியாக முறுக்கு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது, நன்றாக வேலை செய்துகொண்டிருந்துவிட்டுப் பிறகு கழுத்தறுக்கும் தவறு.

கெப்பாசிட்டர் மீதே டைரக்ட் ரிலேயைப் போடுவது

வழக்கமான அமைப்பு இதுதான். ஃபேனுக்குத் தொடராக 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் முதல் வேகம், 3.3 போட்டால் இரண்டாவது, இரண்டையும் இணையாகச் சேர்த்தால் மூன்றாவது. நான்காவதுக்குக் கெப்பாசிட்டரே கிடையாது, பேஸ் நேராக ஃபேனுக்குப் போகும். கெப்பாசிட்டருக்கு இரண்டு, இந்த நேர் பாதைக்கு டைரக்ட் ரிலே ஒன்று, ஆக மூன்று ரிலே போதும்.

மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும்போது, பலருடைய புரோகிராம் முதலில் டைரக்ட் ரிலேயை ஆன் செய்துவிட்டு அப்புறம்தான் மற்ற இரண்டையும் ஆஃப் செய்கிறது. ஃபேன் ஒரு நொடி நின்றுவிடக் கூடாதாம்! அந்தச் சில மில்லிசெகண்டில் என்ன ஆகிறது? சார்ஜ் ஏறிய கெப்பாசிட்டரின் இரு முனைகளும் ரிலே கான்டாக்ட் வழியாக ஷார்ட் ஆகின்றன. 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். இடையில் தடை எதுவும் இல்லையென்றால், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். 10 ஆம்பியர் என்று எழுதிய சின்ன நீல ரிலே அதைத் தாங்காது. கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு எரிச்சல் வருவது, "இத்தனை நாள் ஓடுச்சே சார்" என்ற பதிலைக் கேட்கும்போதுதான். ஓடும். ரிலே மூடுகிற கணத்தில் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் ஒன்றும் ஆகாது. உச்சத்தில் சிக்கினால் ஒட்டும். மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது தப்பிப்பதும், மாட்டிய பிறகு ஒரு ராத்திரி சிக்குவதும் அதனால்தான்.

தெரிந்த ஒருவர் வீட்டு ஃபேன் முதல் வேகத்திலும் முழு வீச்சில் சுற்றியது, ஆஃப் செய்தாலும் நிற்கவில்லை. ரிலேயிலிருந்து 'டிக்' சத்தம் ஒழுங்காக வந்ததால், கோளாறு புரோகிராமில்தான் என்று அதையே நோண்டிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மல்டிமீட்டரை டைரக்ட் ரிலேயின் காமனுக்கும், காயிலில் சப்ளை இல்லாதபோது திறந்திருக்க வேண்டிய என்.ஓ-வுக்கும் இடையில் வைத்தேன். காயிலில் சப்ளையே இல்லை, ஆனாலும் பீப் அடித்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டியதும் விட்டுவிட்டது. "சரியாயிடுச்சு" என்று அவர் மூடியைத் தேடினார். ஒருமுறை ஒட்டிய கான்டாக்டின் முகம் குழிவிழுந்திருக்கும், அடுத்த முறை இன்னும் எளிதாக ஒட்டும். ரிலேயை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தீர்வு மூன்று அடுக்காக இருக்க வேண்டும். முதலில் புரோகிராம்: எந்த வேகத்துக்கு மாறினாலும் எல்லா ரிலேயையும் ஆஃப் செய்து, 100 மில்லிசெகண்ட் பொறுத்து, தேவையானதை மட்டும் ஆன் செய்யுங்கள். இறக்கை சுற்றுகிற வேகத்தில் அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது.

ஆனால் புரோகிராமை மட்டும் நம்பாதீர்கள். பவர் வந்து போர்டு விழிக்கிற நேரத்தில் சில பின்கள் தானாகவே மாறும், மூன்று ரிலேயும் ஒன்றாகத் துள்ளலாம். ஆகவே ஒயரிங்கிலேயே தடுத்துவிடுங்கள். டைரக்ட் ரிலேயின் காமனில் பேஸ், என்.ஓ-விலிருந்து ஃபேன், ரிலே ஆஃபில் இருக்கும்போது மூடியிருக்கும் என்.சி-யிலிருந்து கெப்பாசிட்டர் ரிலே இரண்டுக்கும் சப்ளை. இப்போது டைரக்ட் பாதையும் கெப்பாசிட்டர் பாதையும் ஒரே நேரத்தில் மூட வழியே இல்லை.

மூன்றாவது, தடை. சார்ஜ் ஏறிய ஒரு கெப்பாசிட்டரோடு இன்னொன்று இணையாகச் சேரும்போதும் இதே பாய்ச்சல்தான், அதை மேற்சொன்ன ஒயரிங் தடுக்காது. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் தொடராக 4.7 ஓம், 2 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் போடுங்கள். கால் வாட் கார்பன் வேண்டாம், வெடித்துவிடும்.

டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரை விட்டுவிடுவது

கெப்பாசிட்டருக்கு இணையாக 220 கிலோ ஓம், அரை வாட். இது இருந்தால் 3.3 மைக்ரோஃபாரட் சுமார் நான்கு நொடியில் காலியாகும். இல்லையென்றால் மெயினை அணைத்த பிறகும் தொட்டவரைச் சுண்டும்.

டிசி கெப்பாசிட்டர்

உடம்பில் 3.3 மைக்ரோஃபாரடைக் குறிக்கும் 335 என்று இருந்தால் மட்டும் போதாது. ஏசி 250 வோல்ட்டுக்குக் குறையாத பாலிப்ரொப்பிலீன் வேண்டும். 400 வோல்ட் டிசி என்று எழுதியதை இங்கே மாட்டாதீர்கள்.

முதல் வேகத்தில் ஸ்டார்ட் செய்வது

பேரிங் இறுகிய பழைய ஃபேன் முனகிக்கொண்டே நிற்கும். நான்கில் இரண்டு மூன்று நொடி ஓட்டி, மேலே சொன்ன இடைவெளியோடு ஒன்றுக்கு இறக்குங்கள்.

பி.எல்.டி.சி ஃபேன்

இந்தப் போர்டு அதற்கு ஆகாது.