இட்லிப் பொடியைக் குழம்பில் போட்டவர்கள்: பொருளின் தலைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று, ஆன்லைனில் ஏற்றப்போகும் ஊறுகாய், பொடிகளின் பட்டியலை என்னிடம் காட்டியது. ஒன்பது பொருள்கள். நான்காவது வரிக்கு வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆறு வருடங்களுக்கு முன்பு எங்கள் குழுவுக்காக நான் எழுதிய அதே தலைப்பு, ஏறக்குறைய அதே சொற்களில்.

எழுத்துப்பிழை, மங்கலான படம், தவறான விலை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை ஒரே நாளில் தெரிந்துவிடும், திருத்திவிடலாம். தெரியாமலே மாதக்கணக்கில் காசைத் தின்பவை வேறு.

மிளகாய்ப் பொடியை மொழிபெயர்த்தது

எங்கள் பக்கத்தில் இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்வது மிளகாய்ப் பொடி. குழம்பில் போடுவது வத்தல் பொடி. சிறு வயதிலிருந்து இப்படியே சொல்லி வளர்ந்தவளுக்கு இதில் குழப்பம் வரும் என்று தோன்றவே இல்லை. விற்பனைத் தளத்தில் தலைப்பை ஆங்கிலத்திலும் கேட்டார்கள். நானும் அகராதி பார்க்காமலே எழுதினேன்:

```
Nellai Homemade Milagai Podi Chilli Powder 250 g
```

முதல் மாதம் நன்றாகப் போனது. வாங்கியவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். படத்தில் எள்ளைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது மாதம் புனேயிலிருந்து ஒருவர் வாங்கினார். மூன்று கரண்டி எடுத்து ஆட்டுக்கறிக் குழம்பில் போட்டிருக்கிறார். கொதிக்கக் கொதிக்க உளுந்தும் கடலைப்பருப்பும் ஊறிக் குழம்பு கூழாகிவிட்டது. அடியில் பருப்புக் குருணை, மேலே பெருங்காய வாசனை. சட்டியைப் படம் எடுத்துப் போட்டு, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘மிளகாய்த்தூளில் பருப்பு மாவு கலப்படம்’ என்று எழுதிவிட்டார்.

கலப்படம் என்ற சொல்லைப் படித்த அன்று குழுவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உளுந்தைக் கல் பொறுக்கிப் பதமாக வறுத்தவர்களுக்கு அந்தப் பெயர். ஆனால் நிதானமாக யோசித்தால் அவர் எழுதியதில் பிழை இல்லை. மிளகாய்த்தூள் என்று நாங்கள்தான் எழுதியிருந்தோம். மிளகாய்த்தூளில் பருப்பு இருந்தால் அதற்கு வேறு என்ன பெயர்? சட்டத்தின் கண்ணுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில், உள்ளே இருப்பதற்குப் பொருந்தாத பெயரில் உணவை விற்பது தனிக் குற்றம். அபராதம் மூன்று லட்சம் ரூபாய் வரை போகலாம்.

நட்டம் அதோடு நிற்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. தேடும் பெட்டியில் chilli powder என்று அடிப்பவருக்கு நாங்கள் பெரிய மில்களின் மிளகாய்த்தூளுக்கு நடுவே தெரிந்தோம். அங்கே எங்கள் விலை அநியாயமாகத் தோன்றும். idli podi என்று அடிப்பவருக்கோ நாங்கள் கண்ணிலேயே படவில்லை. தலைப்பில்தான் இட்லி என்ற சொல்லே இல்லையே! வேண்டாதவர் வாங்கினார், வேண்டியவருக்குத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிரித்த பொட்டலத்தைத் திருப்பி வாங்கி என்ன செய்வது, அதுவும் போனது, கூரியர் காசும் போனது.

இப்போது இருக்கும் தலைப்பு இது:

```
Idli Podi, Tirunelveli Milagai Podi with Urad Dal and Sesame, No Garlic, 250 g
```

முதலில் எதோடு சாப்பிடுவது என்று வந்துவிட்டது. தேடுபவர் அடிக்கும் சொல்லும் அதுதான். ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் அடுத்து வருகின்றன, நம் ஆட்கள் அடையாளம் காண. உளுந்தும் எள்ளும் எழுதிய பிறகு அதை எவரும் குழம்பில் போட மாட்டார். பூண்டு இல்லை என்பதைத் தலைப்பிலேயே சொன்னதற்குக் காரணம், பூண்டு சேர்க்காத வீடுகள் முதலில் பார்ப்பது அதைத்தான். பூண்டு சேர்த்த பொடியானால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

தலைப்பை மாற்றினால் நட்சத்திரம் மாறும் என்று நினைக்காதீர்கள். விமரிசனங்கள் அந்தப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டவை. அதே பொருளுக்குப் புதுப் பக்கம் திறந்து தப்பிக்கலாமா என்றால், ஒரே பொருளை இருமுறை ஏற்றக்கூடாது என்ற விதி குறுக்கே நிற்கும். நடந்ததை விளக்கி ஒவ்வொரு விமரிசனத்துக்கும் பதில் எழுதிவிட்டுக் காத்திருந்தோம். தீபாவளி வரை அந்தப் பக்கம் நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

ஏற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தைக் காட்டாமல் தலைப்பை மட்டும் வெளியூர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டி, இதை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் இருக்கும் என் மதினி, மாடியில் குடியிருக்கும் வடநாட்டுப் பெண்ணிடம் எங்கள் ‘வத்தல் பொடி’யைப் படித்துக் காட்டியபோது, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கீழ்வீட்டுத் தஞ்சாவூர் அம்மாள், சுண்டைக்காய் வத்தலைப் பொடித்ததா என்று கேட்டாராம். அதற்குத்தான் chilli powder என்ற பெயர் போக வேண்டும் என்று அப்போது உறைத்தது.

நார்த்தங்காயிலும் இதே கண்ணிதான். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்து கறுத்த உப்பு நார்த்தங்காய் ஒன்று, எண்ணெயும் காரமுமாக இருப்பது இன்னொன்று. Narthangai Pickle என்று மட்டும் எழுதினால் எண்ணெய் ஊறுகாய்க்குக் காத்திருப்பவர் கையில் காய்ந்த துண்டுகள் போய்ச் சேரும். Salted Dried, In Oil என்ற சொற்களை வெட்ட வேண்டாம்.

குழுவின் பெயரை முதலில் எழுதுவது

கைபேசியில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். தாமிரபரணியும் மகளிர் சுய உதவிக் குழுவும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், எலுமிச்சை ஊறுகாய் முற்றுப்புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். பெயர் லேபிளில் இருக்கட்டும்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது

Pickle, Mango Pickle, Cut Mango Pickle, Spicy Pickle. அமேசானில் 2025 ஜனவரி முதல் ஒரே சொல் தலைப்பில் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது.

‘ஹோம்மேட்’

என் பழைய தலைப்பிலும் இருந்தது. உணவு விளம்பரங்களுக்கான 2018 விதிமுறைகள், வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும்படி இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. குழுவின் வாடகைக் கொட்டகையில் எந்திரத்தில் அரைத்ததை வீட்டில் செய்தது என்று எழுதி ஏன் வம்பை வாங்க வேண்டும்? எடுத்துவிட்டேன். விற்பனை குறையவில்லை.

ராமநாதபுரம் முண்டு

2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. சந்தையில் கிடைத்த ஏதோ குண்டு மிளகாயை வாங்கிவிட்டு அந்தப் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள். உண்மையிலேயே அங்கிருந்து வாங்கினால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சர்க்கரை, மூட்டுவலி, செரிமானம்

இவற்றுக்கு நல்லது என்று தலைப்பில் எழுதவே கூடாது.

அம்பாசமுத்திரம் குழுவின் நான்காவது வரியை அன்றே திருத்திக் கொடுத்தேன். அங்கே வறுவலைக் கவனிக்கும் பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ‘இட்லிக்கு மட்டுமா, தோசைக்கு யார் தொட்டுக்கொள்வார்கள்?’ என்றார். எங்கள் கொட்டகையில் பொடி நிறைந்த எவர்சில்வர் டின்னிலும் இன்றுவரை சாக்பீஸில் மிளகாய்ப் பொடி என்றுதான் எழுதியிருக்கிறது.