ஒரு பத்தியைத் திரைக்கதைப் பக்கமாக மாற்றுவது எப்படி: தமிழில் எழுதத் தொடங்குவோருக்கான செய்முறை

திரைக்கதை வடிவத்தைப் பற்றிய பெரும்பாலான வழிகாட்டிகள் ஆங்கிலப் பக்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் காட்சித் தலைப்பும் பாத்திரத்தின் பெயரும் பெரிய எழுத்தில் வரும். எழுத்துரு கூரியர், அளவு 12. தமிழில் பெரிய எழுத்து என்ற ஒன்றே கிடையாது, கூரியரில் தமிழ் எழுத்துகளும் இல்லை. ஆகவே அந்த விதிகள் எதற்காக வைக்கப்பட்டன என்பதைப் புரிந்துகொண்டு, அதே பயனைத் தமிழில் வேறு வழியில் பெறவேண்டியிருக்கிறது. கும்பகோணத்தில் குறும்படம் எடுக்கும் நண்பர்களின் பிரதிகளைப் படித்துத் திருத்தித் தரும் வழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் அடிக்கடி காணும் வகையில் நானே ஒரு பத்தி எழுதி, அதைப் படிப்படியாகத் திரைக்கதையாக மாற்றிக் காட்டுகிறேன்.

> அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்துவிட்டு மூன்று நாட்களாகக் காத்திருக்கும் செல்வராசு, மகளின் கல்யாணச் செலவை நினைத்து மனம் நொந்துபோய், கறுத்த வானத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் எழுத்தரிடம் நெல்லை எடுத்துக்கொள்ளும்படி கெஞ்ச, ஈரப்பதம் அதிகம் என்று அவர் மறுத்துவிடுகிறார். அன்றிரவு மழை கொட்டுகிறது.

முதல் படி: எத்தனை காட்சிகள் என்று எண்ணுங்கள்

இடம் மாறினாலோ நேரம் மாறினாலோ அது புதிய காட்சி. இந்தப் பத்தியில் களம், அலுவலக அறை, இரவில் மீண்டும் களம் என மூன்று காட்சிகள் இருக்கின்றன. எழுதியவர் அதை ஒன்றாகவே நினைத்திருப்பார், ஏனெனில் கதையில் அது ஒரே நிகழ்வு. படப்பிடிப்பிலோ முதலாவதற்கு மாலை வெளிச்சமும், இரண்டாவதற்கு ஓர் அறையும், மூன்றாவதற்கு மழைக்கான ஏற்பாடும் விளக்குகளும் வேண்டும். இதை அறிவிப்பதற்குத்தான் காட்சித் தலைப்பு. அதில் உள்ளா வெளியா, எந்த இடம், எந்த நேரம் என்ற மூன்று செய்திகள் மட்டும் இருக்கும்.

```
வெளி. கொள்முதல் நிலையக் களம் - மாலை
உள். கொள்முதல் நிலைய அலுவலகம் - மாலை
வெளி. கொள்முதல் நிலையக் களம் - இரவு
```

முதல் தலைப்பிலும் மூன்றாவதிலும் இடத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரு காட்சியில் ‘களம்’ என்றும் இன்னொன்றில் ‘நெல் குவித்த இடம்’ என்றும் எழுதினால், இடவாரியாகப் பட்டியல் போடும் உதவி இயக்குநர் அவற்றை இரண்டு இடங்களாகக் கணக்கிடுவார். கதை வாசிப்பவருக்குச் சலிப்புத் தட்டாமல் சொற்களை மாற்றி மாற்றி எழுதும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு பிழையும் உண்டு. ‘வெளி. காவிரிக் கரை - பகல்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதிக்கு முன்னால் இந்தக் கரையில் நின்றால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். குறுவைக்குத் தண்ணீர் வந்தபின் அதே இடம் வேறு இடமாகிவிடும். பருவத்தைத் தலைப்பில் திணிக்க வேண்டாம், ஆனால் அடுத்து வரும், காட்சியில் நடப்பதைச் சொல்லும் செயல்விவரணையின் முதல் வரியிலேயே ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: செயல்விவரணை

காண்பதையும் கேட்பதையும் மட்டும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ‘மூன்று நாட்களாக’, ‘செலவை நினைத்து’, ‘மனம் நொந்துபோய்’ போன்றவை உள்ளே வந்துவிடுகின்றன. இவற்றில் எதையும் கேமராவால் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றையும் எடுத்து, இதைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒருவர் களத்திலேயே இராத்தங்குகிறார் என்பதைக் குவியலின் ஓரத்தில் கிடக்கும் பாயும், சைக்கிளில் காயும் துண்டும் சொல்லிவிடும். கல்யாணச் செய்தியை, எழுத்தரிடம் காட்டுவதற்காகச் சிட்டாவையும் அடங்கலையும் மஞ்சள் பையிலிருந்து எடுக்கும்போது கூடவே வந்து விழும் பத்திரிகை சொல்லிவிடும். அப்படி மாற்ற முடியாதது எதுவோ அது இந்தக் காட்சிக்கு உரியதல்ல.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் வினையெச்சம். ‘குவித்துவிட்டு’, ‘நொந்துபோய்’, ‘பார்த்துவிட்டு’, ‘உள்ளே போய்’ என்று எச்சங்களை அடுக்கி, முடிக்கும் வினையைக் கடைசியில் வைப்பது நம் உரைநடைக்கு இயல்பு. திரைக்கதையில் அந்த ஒரே வாக்கியத்துக்குள் நான்கைந்து ஷாட்டுகள் சிக்கிக்கொள்கின்றன, இடமாற்றம்கூட மறைந்துவிடுகிறது. எச்சம் வரும் இடத்தில் வாக்கியத்தை வெட்டி, வினைமுற்றாக்குங்கள். பார்வை வேறு பொருளுக்கு நகரும்போது புதிய பத்தி தொடங்குங்கள். ஒரு பத்தி நான்கு வரியைத் தாண்ட வேண்டாம்.

பாத்திரம் முதன்முதலில் வரும்போது ஆங்கிலத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். நாம் தடித்த எழுத்தில் போட்டு வயதைச் சேர்த்தால் போதும்.

என் முதல் குறும்படப் பிரதியில் ஏழு வரிப் பத்தி ஒன்றின் நடுவில் ‘தார்ப்பாயை இழுத்து மூடுகிறார்’ என்று எழுதியிருந்தேன். பொருட்களின் பட்டியலைத் தயாரித்தவர் கண்ணில் அது படவில்லை. படப்பிடிப்பன்று பக்கத்து வைக்கோல் போரிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கெஞ்சி வாங்கிவந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்பு எடுத்த காட்சியில் தார்ப்பாய் கறுப்பு, இதுவோ நீலம். இரண்டும் படத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அதன்பின் நடிகர் கையாளும் எந்தப் பொருளுக்கும் நான் தனி வரி கொடுக்கிறேன்.

மூன்றாம் படி: உரையாடல்

பேசுபவரின் பெயர் ஒரு வரியில், பேச்சு அடுத்த வரியில். ‘என்று கெஞ்சினார்’, ‘என்று மறுத்தார்’ எல்லாம் போய்விடும். பெயர் கடைசிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். எழுத்தர் அவரைப் பெரியவரே என்று கூப்பிடலாம், மகள் அப்பா என்று கூப்பிடலாம். பெயர் வரியில் அவர் எப்போதும் செல்வராசுதான். அதேபோல், செயல்விவரணை எழுத்துத் தமிழிலும் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். இரண்டும் கலந்துவிட்டால், எந்த வரி நடிகருக்கு, எந்த வரி படக்குழுவுக்கு என்பது பார்த்தவுடன் தெரியாது.

பெயருக்கும் பேச்சுக்கும் இடையில் அடைப்புக்குறிக்குள் வரும் குறிப்பைத் தொடங்குபவர்கள் உப்பைப் போல அள்ளிப் போடுகிறார்கள். ‘ரெண்டு நாளா வெயிலே இல்லையே’ என்ற வரிக்கு மேல் ‘கவலையுடன்’ என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை, வரியிலேயே அது இருக்கிறது. யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது தெரியாவிட்டாலோ, சொல்லுக்கு எதிரான தொனியில் பேசினாலோ மட்டும் குறிப்பைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: தட்டச்சு

செலவில்லாத வழி, ஃபவுண்டன் என்ற எளிய உரை வடிவம். எந்தக் குறிப்பேட்டுச் செயலியிலும் எழுதலாம். அதைப் படிக்கத் தெரிந்த திரைக்கதை மென்பொருளில் திறந்தால் பக்கம் தானாக அமையும். ஆனால் அது `INT.`, `EXT.` போன்ற ஆங்கிலச் சுருக்கத்தில் தொடங்கும் வரியைத்தான் காட்சித் தலைப்பாகவும், முழுவதும் பெரிய எழுத்தில் உள்ள வரியைத்தான் பாத்திரத்தின் பெயராகவும் அடையாளம் காணும். தமிழ் வரி இரண்டிலும் சேராது. எனவே தலைப்பின் முன் ஒரு புள்ளியும், பெயரின் முன் `@` குறியும் இட வேண்டும். நம்முடைய இரண்டாவது காட்சி இப்படி வரும்:

```
.உள். கொள்முதல் நிலைய அலுவலகம் - மாலை

மேசை மேல் ஈரப்பதமானி. எண் 19.4-இல் நிற்கிறது.

**எழுத்தர்** (28) கருவியைச் செல்வராசு பக்கம் திருப்புகிறார்.

@எழுத்தர்
பதினேழுக்குள்ள இருக்கணும், பெரியவரே.

@செல்வராசு
ரெண்டு நாளா வெயிலே இல்லையே தம்பி. எப்படிக் காயும்?

செல்வராசு மஞ்சள் பையிலிருந்து சிட்டாவை உருவுகிறார்.

கல்யாணப் பத்திரிகை ஒன்று மேசையில் விழுகிறது.

@எழுத்தர்
(பத்திரிகையைப் பார்த்தபடி)
நாளைக்கு நல்லாக் காயவச்சுக் கொண்டாங்க.
```

ஈரப்பதம் அதிகம் என்ற செய்தியை யாரும் விளக்கவில்லை. அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு வழக்கமான உச்சவரம்பு 17 விழுக்காடு என்பது டெல்டா வாசகருக்குத் தெரியும், தெரியாதவருக்குக் கருவியும் எழுத்தரின் ஒரு வரியும் போதும்.

பெயர் வரிக்கு மேல் ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும், பெயருக்கும் பேச்சுக்கும் நடுவில் வெற்று வரி கூடாது. குறி விட்டுப்போனாலோ வெற்று வரி இடம் மாறினாலோ, மென்பொருளின் முன்னோட்டத்தில் பேச்சு பக்கத்தின் நடுவுக்கு வராமல் செயல்விவரணையோடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படித் தெரியும் இடத்தைத் தேடிப் போனால் பிழை அங்கேயே இருக்கும்.

சாதாரண உரைச் செயலியில் எழுதுபவர்கள் அளவுகளைத் தாங்களே வைக்க வேண்டும். தாளின் இடது விளிம்பில் ஒன்றரை அங்குலமும் மற்ற பக்கங்களில் ஓர் அங்குலமும் விடுங்கள். இடப்பக்கம் கூடுதலாக விடுவது பிரதியைத் தைப்பதற்காக. தாளின் இடது ஓரத்திலிருந்து பேச்சு இரண்டரை அங்குலத்திலும், பெயர் ஏறத்தாழ 3.7 அங்குலத்திலும் தொடங்கும்.

பக்கக் கணக்கு

ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் கூரியரையும் அமெரிக்க லெட்டர் தாளையும் வைத்து வந்தது. நம் தாள் ஏ4, அது கொஞ்சம் நீளம். தமிழ் எழுத்துருக்களிலோ ‘ர’வும் ‘ஞ’வும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. ஆகவே அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, 12 பக்கம் எழுதிவிட்டேன், 12 நிமிடப் படம் என்று சொல்லாதீர்கள். எழுத்துருவையும் அளவையும் முதலில் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். பிறகு முடித்த ஐந்து பக்கங்களை, பேச்சைப் பேசும் வேகத்திலும் செயல்களை நடந்து பார்க்கும் வேகத்திலும் வாய்விட்டுப் படித்து, கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தில் அளந்து, ஐந்தால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் பக்கத்தின் நிமிடம். ஆனால் பேச்சே இல்லாத காட்சிக்கு இந்த அளவும் பொருந்தாது. ‘மழை கொட்டுகிறது. செல்வராசு குவியல் மேல் தார்ப்பாயை இழுக்கிறார்’ என்ற மூன்றாவது காட்சி பக்கத்தில் இரண்டு வரிதான். திரையில் அது ஒரு நிமிடத்துக்கு மேலும் போகலாம். அத்தகைய காட்சிகளின் ஓரத்தில் பென்சிலால் நிமிடத்தைத் தனியாகக் குறித்து, மொத்தத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.