பழைய வினாத்தாள்களிலிருந்து பாட வெயிட்டேஜ் கணக்கிடுவது எப்படி?

ஐந்து ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டி, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வந்தது என்று கோடு போட்டு எண்ணுவதுதான் பலரும் செய்வது. இதில் வரும் எண் பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஒரு மதிப்பெண் கேள்வியும் பத்து மதிப்பெண் கேள்வியும் ஒரே கோடாக விழுவது முதல் பிழை. சாய்ஸைக் கணக்கில் எடுக்காதது இரண்டாவது. முதல் பிழை பலர் கண்ணிலும் பட்டுவிடும். இரண்டாவது அப்படி எளிதில் சிக்காது என்பதால் அதையே இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு ஓர் இயற்பியல் தேர்வை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. மொத்தம் 60 மதிப்பெண், ஆறு பாடங்கள். அ பிரிவில் 10 ஒரு மதிப்பெண் கேள்விகள், எல்லாமே கட்டாயம். ஆ பிரிவில் 4 மதிப்பெண் கேள்விகள் எட்டு. ஐந்துக்கு விடை எழுதினால் போதும். இ பிரிவில் 10 மதிப்பெண் நெடுவினாக்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் "அல்லது" போட்டு இன்னொரு கேள்வி இருக்கும்.

படி 1: தாள்களைச் சேகரித்துக் களையெடுங்கள்

ஐந்து தாள்கள் வேண்டும். துணைத்தேர்வுத் தாள் கிடைத்தால் அதையும் தனித் தாளாகச் சேர்க்கலாம். மாதிரி வினாத்தாள், பயிற்சி மையங்கள் தயாரித்த தாள் எதையும் கலக்காதீர்கள். அவற்றில் தெரிவது அவற்றைத் தயாரித்தவரின் ஊகம்தான். தேர்வின் போக்கு அதில் கிடைக்காது.

பாடத்திட்டம் மாறியிருந்தால், இப்போது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகளை அடித்துவிடுங்கள். அந்தத் தாளின் மொத்தம் 60-க்குக் கீழே இறங்கும். மீதியுள்ள மொத்தத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கிக்கொண்டால் மற்ற தாள்களோடு ஒப்பிடலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிபட்டுப் போனால் அந்தத் தாளையே விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று: தேர்வு நடத்துபவர்களே பாடவாரியாக மதிப்பெண் பங்கீட்டை வெளியிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவே வெயிட்டேஜ். அப்போது பழைய தாள்கள், ஒரு பாடத்துக்குள் எந்தப் பகுதி அடிக்கடி வருகிறது என்று பார்க்கத்தான் தேவைப்படும்.

படி 2: ஒரு கேள்விக்கு ஒரு வரிசை

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இந்தப் பத்திகளை வையுங்கள்: A ஆண்டு, B கேள்வி எண், C பாடம், D மதிப்பெண், E எத்தனை எழுத வேண்டும், F எத்தனை கொடுத்திருக்கிறார்கள், G கணக்கு மதிப்பெண். நம் தேர்வில் ஒரு தாளுக்கு 10 + 8 + 6 = 24 வரிசை; ஐந்து தாளுக்கு 120.

பாடத்தை ஒதுக்கும்போதுதான் தடுமாற்றம் வரும். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் வெப்பத்தைக் கணக்கிடச் சொல்லும் கேள்வி மின்னியலா, வெப்பவியலா? இதற்கு ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: விடைக்குத் தேவையான சூத்திரம் உங்கள் புத்தகத்தில் எந்தப் பாடத்தில் இருக்கிறதோ, கேள்வி அந்தப் பாடத்துக்கு. முதல் தாளில் ஒரு மாதிரியும் நான்காவது தாளில் வேறு மாதிரியும் ஒதுக்கினால் அட்டவணையில் தெரிவது உங்கள் மனமாற்றம்தான். கேள்விக்குள் (i) 6 மதிப்பெண், (ii) 4 மதிப்பெண் என்று பிரிந்து, இரண்டும் வெவ்வேறு பாடமாக இருந்தால் இரண்டு வரிசையாகப் போடுங்கள். E, F இரண்டிலும் அந்தக் கேள்விக்குரிய எண்களே இருக்கட்டும்.

படி 3: சாய்ஸைச் சரிசெய்தல்

ஆ பிரிவில் எட்டுக் கேள்விக்கு அச்சிட்ட மதிப்பெண் 32. ஆனால் அங்கே யாரும் 20-க்கு மேல் வாங்க முடியாது. எனவே ஒவ்வொரு கேள்வியின் உண்மையான எடை 4 × 5 ÷ 8 = 2.5. இ பிரிவில் "அல்லது" இருப்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 × 1 ÷ 2 = 5. அ பிரிவில் சாய்ஸ் இல்லை. 1 என்பது 1 ஆகவே இருக்கும். ஷீட்டில் இது ஒரே வரி:

```
=D2*E2/F2
```

இதை G2-வில் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். பிறகு ஆண்டுவாரியாகக் கூட்டிப் பாருங்கள்:

```
=SUMIFS(G:G, A:A, 2021)
```

விடை சரியாக 60 வர வேண்டும். 57.5 வந்தால் ஆ பிரிவில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கலாம். 65 வந்தால் ஒரு நெடுவினாவை இரண்டு முறை ஏற்றியிருக்கலாம். எத்தனை குறைகிறது அல்லது கூடுகிறது என்பதே எந்தப் பிரிவில் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், அணு இயற்பியலைப் பாருங்கள். ஒரு தாளில் அதிலிருந்து நான்கு ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட மதிப்பெண்களை அப்படியே கூட்டினால் தாளின் மொத்தம் 10 + 32 + 60 = 102. அதில் 4 என்பது 4 விழுக்காடுகூட இல்லை. சாய்ஸைச் சரிசெய்தால் 60-க்கு 4, அதாவது ஏறக்குறைய 6.7 விழுக்காடு. கட்டாயக் கேள்விகளில் மட்டும் வரும் பாடங்கள், அச்சிட்ட மதிப்பெண்களை அப்படியே கூட்டும்போது எப்போதும் இப்படித்தான் அமுங்கிப்போகும்.

படி 4: பாடமும் ஆண்டும் சேர்ந்த அட்டவணை

```
=SUMIFS(G:G, C:C, "ஒளியியல்", A:A, 2021)
```

பாடத்தின் பெயரை எல்லா வரிசையிலும் ஒரே எழுத்தில் தட்டச்சு செய்திருக்க வேண்டும். கடைசியில் ஓர் இடைவெளி கூடிப்போனாலும் அந்தக் கேள்வி கூட்டலில் சேராது. ஷீட் எச்சரிக்கையும் தராது. ஒரே ஆண்டின் எல்லாப் பாடங்களையும் கூட்டி 60 வருகிறதா என்று இங்கே இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

நம் உதாரணத்தில் சராசரிகள் இப்படி வந்தன: மின்னியல் 18, இயக்கவியல் 12, ஒளியியல் 9.5, அலைகள் 9.5, வெப்பவியல் 7.5, அணு இயற்பியல் 3.5. ஒளியியலும் அலைகளும் சமம் போலத் தெரிகிறது. ஆண்டுவாரியாகப் பார்த்தால் கதையே வேறு:

| பாடம் | 2021 | 2022 | 2023 | 2024 | 2025 | சராசரி |
|---|---|---|---|---|---|---|
| ஒளியியல் | 9.5 | 8.5 | 10.5 | 9.5 | 9.5 | 9.5 |
| அலைகள் | 3.5 | 16 | 3.5 | 18.5 | 6 | 9.5 |

ஒளியியலை நம்பிப் படிக்கலாம். அலைகள் அப்படியில்லை: நெடுவினா வரும் ஆண்டில் கொட்டும், வராத ஆண்டில் வற்றிவிடும். அதனால் சராசரிக்குப் பக்கத்தில் குறைந்தபட்ச எண்ணையும் (`MIN`) எழுதி வையுங்கள். ஒளியியலுக்கு அது 8.5, அலைகளுக்கு 3.5. நேரம் குறைவாக இருப்பவர் குறைந்தபட்சத்தைப் பார்த்து முடிவெடுப்பதே பாதுகாப்பு.

"ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அலைகள் வருது, அடுத்தது கண்டிப்பா வரும்" என்று சொல்லத் தோன்றும். ஐந்தே எண்களில் எந்த வடிவத்தையும் கண்டுபிடித்துவிடலாம். அதை நம்பிப் பத்து மதிப்பெண்ணைப் பணயம் வைக்காதீர்கள்.

படி 5: "அல்லது" ஜோடிகளைப் பாருங்கள்

சராசரியில் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. நெடுவினாவின் இரண்டு பக்கமும் மின்னியலாக இருந்தால் அந்தப் பத்து மதிப்பெண்ணுக்கு மின்னியல் படிக்காமல் தப்ப முடியாது. ஒரு பக்கம் மின்னியல், மறுபக்கம் ஒளியியல் என்று இருந்தால் ஏதாவது ஒன்று போதும். இரண்டு நிலையிலும் ஒரு பக்கத்துக்கு ஐந்து ஐந்தாகத்தான் நம் கணக்கு போடும்; வித்தியாசத்தைக் காட்டாது.

எனவே நெடுவினாக்களை மட்டும் தனியாக எடுத்து, எந்தப் பாடம் எதோடு ஜோடி சேர்ந்தது என்று எழுதுங்கள். மொத்தம் பதினைந்து ஜோடிகள்தான். ஐந்து தாளிலும் ஒளியியல் நெடுவினா மின்னியலோடு மட்டுமே ஜோடி சேர்ந்திருந்தால், மின்னியலில் வலுவாக இருப்பவருக்கு ஒளியியலின் உண்மையான எடை 9.5 இல்லை, நெடுவினாவின் 5 போக 4.5 தான். அவர் ஒளியியலில் நீண்ட வருவிப்புகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஒரு மதிப்பெண், நான்கு மதிப்பெண் கேள்விகளை மட்டும் முடிக்கலாம். மூன்று தாளில் மட்டுமே அப்படி இருந்தால் இந்தக் குறுக்குவழி வேண்டாம்.

படி 6: எடையை நேரமாக மாற்றுதல்

அதிக எடையுள்ள பாடத்துக்கு அதிக நேரம் என்று நேரடியாகப் பிரிப்பது தவறு. உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததைக் கழிக்க வேண்டும். மின்னியலின் எடை 18. பழைய கேள்விகளை எழுதிப் பார்த்ததில் 80 விழுக்காடு சரியாக வருகிறது என்றால் இன்னும் கிடைக்கக்கூடியது 18 × 0.2 = 3.6. வெப்பவியல் எடை 7.5, 30 விழுக்காடுதான் வருகிறது என்றால் மீதி 7.5 × 0.7 = 5.25. மின்னியலை முடிக்க 6 மணி நேரமும் வெப்பவியலுக்கு 7 மணி நேரமும் ஆகும் என்றால் மணிக்கு 0.6-ம் 0.75-ம் கிடைக்கும். முதலில் வெப்பவியலை எடுங்கள்.

"எவ்வளவு தெரியும்" என்பதை மனதால் மதிப்பிடாதீர்கள். அந்தப் பாடத்தின் பழைய கேள்விகளில் ஐந்தாறை, புத்தகத்தை மூடிவைத்து எழுதித் திருத்திப் பார்த்தால்தான் அந்த எண் உருப்படியாக இருக்கும்.

படி 7: அட்டவணையை நம்பலாமா?

கடைசித் தாளை மறைத்துவிட்டு முதல் நான்கு தாள்களில் மட்டும் சராசரி எடுங்கள். ஒளியியலுக்கு 38 ÷ 4 = 9.5; 2025-இல் வந்ததும் 9.5. அலைகளுக்கு 41.5 ÷ 4, சுமார் 10.4; வந்தது 6. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்தால் உங்கள் அட்டவணை எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான பாடங்களில் நான்கைந்து மதிப்பெண் தள்ளிப்போனால், அந்தத் தேர்வில் பாடவாரிப் பங்கீடு நிலையாக இல்லை என்று பொருள். அங்கே எல்லாப் பாடத்தையும் ஏறக்குறைய சமமாகப் படிப்பதே சரி.

ஐந்து தாளிலும் ஒரு கேள்விகூட வராத பாடம் ஏதாவது இருந்தால் அதற்குப் பூஜ்யம் போடாதீர்கள். எல்லாப் பாடத்துக்கும் சமமாக 10 மதிப்பெண் கொடுத்த ஒரு கற்பனைத் தாளை ஆறாவதாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். வராத பாடத்துக்கு 10 ÷ 6, அதாவது சுமார் 1.7 கிடைக்கும். மின்னியல் 18-இலிருந்து 16.7-க்கு இறங்கும்; ஒளியியல் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அந்த 1.7-க்கு, வரையறைகளையும் சூத்திரங்களையும் அரை மணி நேரம் பார்த்துவைத்தால் போதும்.