தண்ணீரை அமுக்கினால் எந்திரப்பி எவ்வளவு மாறும்? விரிவுத் தரவில் கணக்குப் போடும்போது வரும் தவறுகள்

உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் மத்தியானம் வெப்பமானி 30 பாகை காட்டும். போன மாதம் அங்கே உட்கார்ந்து, முதலாம் வருடப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி ஒரு கணக்கைக் காட்டினாள். 1 கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 30 பாகையிலேயே வைத்துக்கொண்டு அமுக்கத்தை 100 பார் கூட்டினால் எந்திரப்பி எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி.

"சேர், 2.1 யூல் கெல்வினுக்கு, கூடுது."

சரியான விடை ஏறக்குறைய −3.05. அவளுடைய 2.1 ஐப் பார்த்தவுடனேயே இரண்டு தவறுகள் தெரிந்தன. இரண்டும் எல்லாரும் விடுகிறவைதான்.

முதலாவது குறி. எந்திரப்பியை நேரே அளக்கக் கருவி கிடையாது. ஆனால் சூடாக்கும்போது கனவளவு எவ்வளவு கூடுகிறது என்பதை ஒரு போத்தலும் தராசும் இருந்தால் அளந்துவிடலாம். மாக்ஸ்வெல் தொடர்பு இந்த இரண்டையும் இணைக்கிறது:

(∂S/∂P)_T = −(∂V/∂T)_P = −Vα

இதில் α என்பது கனவளவு விரிகைத்திறன். கழித்தல் குறியை மனப்பாடம் செய்தால் ஒருநாள் மறந்துபோகும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் மறக்காது. கிப்ஸ் சக்திக்கு dG = −S dT + V dP. இதில் S க்கு முன்னால் கழித்தல் இருக்கிறது, V க்கு முன்னால் இல்லை. G ஐ முதலில் T யாலும் பிறகு P யாலும் வகையிட்டாலும், வரிசையை மாற்றினாலும் விடை ஒன்றுதான். ஆகவே S இன் கழித்தல் அப்படியே மிஞ்சும். மாணவி எடுத்தது (∂S/∂V)_T = (∂P/∂T)_V என்ற இன்னொரு தொடர்பின் குறியை. அதில் கழித்தல் இல்லை. அது கனவளவை மாற்றும்போது பயன்படுவது. உங்கள் கையில் மாறுவது அமுக்கம் என்றால் G யிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குறி சரியா என்று பார்க்கக் காகிதம்கூடத் தேவையில்லை. சூடாக்கினால் விரியும் பொருளை வெப்பம் வெளியே போகாமல் அமுக்கினால் அது கொஞ்சம் சூடாகும். வெப்பநிலை ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள தொட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். வெப்பம் வெளியே போனால் எந்திரப்பி குறையும். இந்தக் கணக்கில் வெளியே போவது 303 × 3.05, ஏறக்குறைய 920 யூல். அதை வெளியே விடாமல் வைத்திருந்தால் தண்ணீர் 0.22 பாகை சூடாகியிருக்கும். (கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கின் ஆழங்களை அளக்கிறவர்கள் கீழிருந்து எடுத்த நீரின் வெப்பநிலையை இந்த விளைவைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். 1000 மீற்றர் ஆழம் என்றால் ஏறக்குறைய 100 பார். ஆனால் அங்கே நீர் குளிர், விரிகைத்திறனும் குறைவு, அதனால் விளைவும் சிறியது.)

இரண்டாவது தவறு, புத்தகத்தின் பின்பக்க அட்டவணையிலிருந்து α வை எடுத்தது. அங்கே தண்ணீருக்கு 2.07 × 10⁻⁴ என்று இருக்கும். அது 20 பாகைக்குரியது. திருகோணமலையில் 20 பாகைத் தண்ணீர் வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். 30 பாகையில் α 3.03 × 10⁻⁴, அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. உலோகத்துக்கு இப்படிப் பத்துப் பாகை தள்ளி எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தண்ணீர் அப்படி விடாது.

அதனால் அட்டவணை α வை விட்டுவிட்டு, அடர்த்தியிலிருந்து நாங்களே சரிவைக் கண்டோம். 25 பாகையில் அடர்த்தி 0.99705, 35 பாகையில் 0.99403 (கிராம், கன சென்ரிமீற்றருக்கு). தலைகீழாக்கினால் ஒரு கிராமின் கனவளவு 1.00296, 1.00601. வித்தியாசம் 0.00305. பத்துப் பாகையால் வகுத்தால் 3.05 × 10⁻⁴. ஒரு கிலோகிராமுக்கு 3.05 × 10⁻⁷ கன மீற்றர், ஒரு கெல்வினுக்கு. 100 பார் என்பது 10⁷ பஸ்கால். பெருக்கினால் −3.05. 30 ஐ நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சம தூரம் போனதைக் கவனியுங்கள்.

பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ இன்னும் கிட்ட எடுத்தா இன்னும் சரியா வரும்தானே?" என்று 29, 31 பாகைகளை எடுத்தாள். அவளிடம் இருந்த அட்டவணையில் மூன்று தசம இடங்கள்தான்: 0.996, 0.995. சரிவு 5.0 × 10⁻⁴ வந்தது. மூன்றில் இரண்டு பங்கு கூடுதல்! இரண்டு பெரிய எண்களின் சின்ன வித்தியாசத்தை எடுக்கும்போது கடைசித் தசமம்தான் விடையைத் தீர்மானிக்கிறது. ஐந்து இடம் உள்ள அட்டவணையில் அதே 29, 31 க்கு 3.08 × 10⁻⁴ வருகிறது. ஆகவே எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதைச் சொல்வது உங்கள் தரவின் தசமங்கள்தான்.

தரவை நீங்களே அடர்த்திப் போத்தலில் எடுத்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் படித்த உண்மை விரிவு, தோற்ற விரிவு இங்கேதான் கை கொடுக்கும். போத்தலும் சூட்டில் விரிகிறது, அதனால் வழிந்த நீர் குறைவாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடியின் நீள விரிகைத்திறன் ஏறக்குறைய 9 × 10⁻⁶, கனவளவுக்கு மூன்று மடங்கு, 2.7 × 10⁻⁵. இதைக் கூட்ட மறந்தால் விடை −3.05 க்குப் பதிலாக −2.8 ஆகிவிடும். விடை நம்பும்படியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த மூன்று மடங்கு திண்மங்களில் இன்னும் மோசமாக ஏமாற்றும். செம்புக்கு அட்டவணையில் இருப்பது நீள விரிகைத்திறன், 16.5 × 10⁻⁶. அதை அப்படியே போட்டால் விடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். குறியும் அலகும் சரியாகவே இருக்கும்.

கடைசியாக, அவள் கேட்காமல் நானே கொடுத்த கணக்கு: இதையே 0 பாகையில் செய்து பார். அங்கே α மறை எண், −6.8 × 10⁻⁵. 4 பாகைக்குக் கீழே தண்ணீர் சூட்டில் சுருங்கும், ஆகவே அமுக்கும்போது எந்திரப்பி கூடும். பனிக்கட்டியைப் போலத் திறந்து கிடக்கும் ஐதரசன் பிணைப்பு அமைப்பை அமுக்கம் நொறுக்குகிறது என்று படம் போட்டுக்கொள்ளலாம். 0 இலும் 8 இலும் அடர்த்தி 0.99984, 0.99985. அந்த இரண்டையும் எடுத்துச் சரிவு கண்டால் கிட்டத்தட்டப் பூச்சியம்தான் வரும். அது நடுவிலுள்ள 4 பாகைக்குச் சரி, 0 பாகைக்குத் தவறு.

அவள் +0.68 என்று எழுதினாள். குறி சரி. ஆனால் இங்கே α வும் அமுக்கத்தோடு நகர்கிறது: அதியுயர் அடர்த்தி வரும் வெப்பநிலை ஒவ்வொரு 100 பாருக்கும் ஏறக்குறைய 2 பாகை கீழே இறங்கும். அதனால் 100 பாரை எட்டும்போது 0 பாகையில் α இன் பருமன் பாதியளவுக்குக் குறைந்துவிட்டிருக்கும். தொடக்க α வை அமுக்கத்தால் பெருக்குவது 30 பாகையில் பரவாயில்லை. இங்கே தொகையிட வேண்டும். தோராயமாகச் செய்தால் +0.5 அளவில் வருகிறது.