இரண்டாம் வாரம் பதினேழு பேர், மூன்றாம் வாரம் ஒருவர்: கட்டட வேலையில் ஆள் தேவையைச் சமன் செய்வது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மே, ஜூன் மாம்பழ சீசனில் சித்தாள் பாதிப் பேர் தோப்புக்கும் மாங்கூழ் ஆலைக்கும் போய்விடுவார்கள். கொத்தனாருக்கு ஓசூரில் எப்போதும் வேலை உண்டு. நாம் மட்டும் மேஸ்திரியிடம் "நாளைக்குப் பதினேழு பேர் வேணும்ண்ணே" என்போம். அப்புறம் இரண்டு வாரம் கழித்து "இப்ப வேலை இல்லை, ஒரு ஆள் போதும்" என்போம். அப்படி அனுப்பிய ஆட்கள் பூச்சு வேலைக்குத் திரும்பி வருவதில்லை.

வேலை முடியும் தேதியைத் தொடாமல் இதைச் சரிசெய்ய முடியும். ஒரு சிறு கட்டடத்தை வைத்துச் செய்து பார்ப்போம். இரண்டு அறை உரக்கிடங்கு, கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். வெளியே காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், அதற்கான குழாய் இணைப்பு.

படி 1: தள்ள முடியாத வேலைகளை வரிசையாக எழுதுங்கள்

அஸ்திவாரம் 5 நாள், 6 பேர். சுவர் 7 நாள், 8 பேர். சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட் சேர்த்து 5 நாள், 6 பேர். (கான்கிரீட் அன்று மிக்சரோடு வரும் தனிக் குழுவை இதில் சேர்க்கவில்லை.) அடுத்த 7 நாள் தளத்துக்குத் தண்ணீர் விட ஒருவர் மட்டும். பிறகு முட்டு பிரித்துப் பூச்சு வேலை, 6 நாள், 7 பேர். மொத்தம் 30 நாள். இதில் எது ஒரு நாள் தள்ளினாலும் முடியும் தேதி ஒரு நாள் தள்ளும். இதுதான் கிரிட்டிக்கல் பாதை.

நடுவில் உள்ள 7 நாளைக் கவனியுங்கள். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளாவது வைத்திருக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி IS 456. அகலம் கூடினால் 14 நாள். அந்த நாட்களில் கிரிட்டிக்கல் பாதைக்கு ஆள் வேண்டாம், காலம்தான் வேண்டும். ஆள் தேவையில் நமக்குக் கிடைக்கும் பள்ளம் இதுதான்.

படி 2: மற்ற வேலைகளின் ஃப்ளோட்டைக் கணக்கிடுங்கள்

ஒரு வேலையை எவ்வளவு நாள் தள்ளினாலும் முடியும் தேதி மாறாதோ, அந்த இடைவெளிதான் ஃப்ளோட். கடைசியாகத் தொடங்கக்கூடிய நாளிலிருந்து முதலில் தொடங்கக்கூடிய நாளைக் கழித்தால் வந்துவிடும்.

காம்பவுண்டு சுவர் 10 நாள், 5 பேர். அஸ்திவாரம் முடிந்து 6ஆம் நாள் தொடங்கலாம். 30க்குள் முடிய 21ஆம் நாளாவது தொடங்க வேண்டும். ஃப்ளோட் 15.

செப்டிக் டேங்க் 5 நாள், 4 பேர். அது முடிந்த பிறகே குழாய் இணைப்பு, 2 நாள், 3 பேர். டேங்க் 6ஆம் நாள் தொடங்கலாம், கடைசியாக 24. ஃப்ளோட் 18. குழாய்க்கும் 18தான். ஆனால் இது தனித்தனி 18 இல்லை, இரண்டுக்கும் பொதுவான ஒரே 18. டேங்க் 10 நாள் தள்ளினால் குழாய்க்கு மிஞ்சுவது 8. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான்.

படி 3: எல்லாம் சீக்கிரம் தொடங்கினால் என்ன ஆகிறது?

| நாள் | ஆட்கள் |
|---|---|
| 1–5 | 6 |
| 6–10 | 17 |
| 11–12 | 16 |
| 13–15 | 11 |
| 16–17 | 6 |
| 18–24 | 1 |
| 25–30 | 7 |

மொத்தம் 241 ஆள் நாள். முப்பதால் வகுத்தால் நாளுக்கு எட்டுப் பேர் போதும். நாமோ 17 பேரைத் தேடி அலைகிறோம்.

படி 4: பள்ளத்தை நோக்கித் தள்ளுங்கள்

நீளமான வேலையை முதலில் எடுங்கள். அதற்குத்தான் இடம் கிடைப்பது கஷ்டம். காம்பவுண்டு சுவரை 15 முதல் 24 வரை வைத்தேன். டேங்க் 18 முதல் 22, குழாய் 23, 24. இப்போது உச்சம் 17லிருந்து 11ஆக இறங்கிவிட்டது. ஒருவர் மட்டும் இருந்த நாட்களில் 9, 10 பேர் இருக்கிறார்கள்.

இரண்டு திட்டங்களில் எது சமமானது என்று பார்க்க, தினசரி எண்ணிக்கையின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். ஆள் நாள் மாறாதவரை, கூட்டுத்தொகை குறையக் குறைய ஏற்ற இறக்கம் குறைகிறது. எக்செல்லில் 30 நாளையும் இரண்டாம் வரியில் B முதல் AE வரை நிரப்பினால்:

```
=SUMSQ(B2:AE2)
```

முதலில் 2873 இருந்தது, இப்போது 2019.

படி 5: தலையை எண்ணியது போதும், கொத்தனாரை எண்ணுங்கள்

பலர் நான்காம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். 13 முதல் 17 வரை வேலை பார்க்கும் ஆறு பேர் சென்ட்ரிங், கம்பி ஆட்கள். சுவர் கட்டிய கொத்தனார் அந்த வேலைக்கு வரமாட்டார். சுவருக்கும் பூச்சுக்கும் மூன்று மூன்று கொத்தனார், காம்பவுண்டுக்கு இரண்டு, டேங்குக்கு ஒருவர் என்று எண்ணிப் பார்த்தால், மேலே போட்ட திட்டத்தில் 13, 14ஆம் நாட்களில் ஒரு கொத்தனாருக்கும் வேலை இல்லை. இரண்டு நாள் சும்மா இருப்பவர் ஓசூர் பஸ் ஏறிவிடுவார்.

அதனால் காம்பவுண்டை 13 முதல் 22க்கு மாற்றினேன். டேங்க் 20 முதல் 24, குழாய் 25, 26. உச்சம் அதே 11. வர்க்கக் கூட்டு 2051, கொஞ்சம் கூடத்தான். ஆனால் கொத்தனார் மூன்றுக்கு மேல் எந்த நாளும் தேவையில்லை, ஒருவராவது இல்லாத நாளும் இல்லை. நான் இதைத்தான் எடுப்பேன்.

காம்பவுண்டுக்கு இன்னும் 8 நாளும், டேங்குக்கும் குழாய்க்கும் 4 நாளும் ஃப்ளோட் மீதம் இருப்பதையும் பாருங்கள். கடைசி நாள் வரை தள்ளிவிட்டால் எல்லா வேலையும் கிரிட்டிக்கல் ஆகிவிடும். பிறகு ஒரு மழை போதும்.

படி 6: தாளில் இல்லாத தொடர்பைத் தேடுங்கள்

முன்பு ஒரு சைட்டில் இதே போல டேங்கை அழகாகத் தள்ளி வைத்தேன். பேஸ்மெண்ட் நிரப்பும் நாளில் மண் இல்லை. டேங்க் குழியில் எடுக்கும் மண்ணைத்தான் அதற்கு நம்பியிருந்தோம், நான் அதை எழுதி வைக்கவில்லை. கிராவல் விலைக்கு வாங்கி நிரப்பினோம். அந்த மண் தேவைப்பட்டால் குழி தோண்டுவதைத் தனி வேலையாகப் பிரித்து முன்னால் வைத்துவிட்டு, கட்டுவதை மட்டும் தள்ளுங்கள். காம்பவுண்டும் அப்படித்தான். அது இல்லாமல் சிமெண்டும் கம்பியும் திறந்தவெளியில் கிடக்கும் என்றால், தள்ளுவதற்கு முன் காவலுக்கு வழி செய்ய வேண்டும்.

படி 7: தேதியோடு கட்டாதீர்கள்

மழையால் சுவர் 12க்குப் பதில் 14ஆம் நாள் முடிகிறது என்று வையுங்கள். காம்பவுண்டைப் பழைய தேதிப்படி 13இல் தொடங்கினால் இரண்டு நாள் 13 பேர், ஐந்து கொத்தனார். கிரிட்டிக்கல் பாதையே இரண்டு நாள் நீண்டுவிட்டதால் மற்ற வேலைகளுக்கும் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஆகவே காம்பவுண்டும் டேங்கும் கூடவே இரண்டு நாள் நகரட்டும். மேஸ்திரியிடம் "13ஆம் நாள்" என்று சொல்லாமல் "சுவர் முடிஞ்ச மறுநாள் காம்பவுண்டு" என்று சொல்லி வையுங்கள்.