ஒப்பந்த ரத்துக் கடிதம் "வரவே இல்லை" என்றார்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்கூழ் குடோன் ஜெனரேட்டருக்கு இருந்த பராமரிப்பு ஒப்பந்தத்தை, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்தும் பில் வந்துகொண்டே இருந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. தபாலின் ஒப்புகை அட்டையைக் காட்டினால், கவர் வந்தது, உள்ளே ரத்துக் கடிதம் இல்லை என்றார்கள். அந்த அட்டை, கவர் சேர்ந்ததற்குத்தான் சாட்சி, உள்ளே இருந்ததற்கு இல்லை.

சரி என்று இரண்டு பிரதியோடு நேரில் போனேன். வரவேற்பில் இருந்தவர் என் பிரதியில் முத்திரை மட்டும் குத்தினார், அதில் தேதியே கிடையாது! நோட்டீஸ் காலம், கடிதத்தை அவர்கள் பெற்ற நாளிலிருந்துதானே ஓடும்? கடிதத்தின் வாசகத்துக்குக் கீழேயே பெயர், பதவி, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அன்று மாலையே அதன் படத்தை, ஒப்பந்தம் முடியும் தேதியோடு மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், முடிய ஒரு வாரம் இருக்கையில் அதே அஞ்சலின் தொடர்ச்சியாக நினைவூட்டலும் போட்டேன். அப்புறம் பில் வரவில்லை.