மாடிக்கு எட்டாத 6 கிகாஹெர்ட்ஸ்: வைஃபை 7 வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

மதுரை வில்லாபுரத்தில் சித்தப்பா வீட்டுக்கு வைஃபை 7 ரவுட்டர் வந்தது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாடி அறையில் இருந்து வேலை பார்க்கும் தங்கைக்கு மீட்டிங் நடுவில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. பழைய ரவுட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

அவள் லேப்டாப்பில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
netsh wlan show interfaces
```

Band என்ற வரியில் 6 GHz. Signal ஹாலில் 96%, அடுத்த அறையில் 64%, மாடியில் 28%. ரவுட்டரை அமைத்தவர் 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார். தங்கை 6 என்று முடியும் பெயரை மட்டும் லேப்டாப்பில் சேமித்திருந்தாள். அதனால் சிக்னல் குறைந்தாலும் 5-க்கு இறங்க வழியில்லை. முதல் தவறு இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், கருவி தானே நல்லதைத் தேர்ந்துகொள்ளும்.

வெட்டவெளியில் 5-க்கும் 6-க்கும் வீச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. சுவரில்தான் அடி விழுகிறது. நம் ஊர் வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதற்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இரண்டையும் தாண்டும்போது 6 கிகாஹெர்ட்ஸ் துவண்டுவிடும். போதாததற்கு, இந்த அலைவரிசையில் ஏற்கெனவே இயங்கும் மற்ற ரேடியோ இணைப்புகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று, வீட்டு ரவுட்டருக்குக் குறைந்த சக்திதான் அனுமதி. அதுவும் வீட்டுக்குள் மட்டும். மொட்டை மாடியில் மாட்டி வீடு முழுக்க எடுக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு.

சரி, தங்கைக்கு என்ன செய்தோம்? படிக்கட்டு ஓரமாக ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, மாடி அறையிலேயே வைஃபை பரப்பும் ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட் வைத்தோம். இப்போது அங்கே 90%-க்குக் குறையவில்லை. கேபிள் இல்லாத மெஷ் பெட்டி வாங்கியிருந்தால், இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்ள அதே கான்கிரீட்டைத்தான் தாண்டியிருக்க வேண்டும்.

யாருக்குப் பயன் என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ள லேப்டாப்பும் ஃபோனும் ரவுட்டர் இருக்கும் அறையில் இருந்தால் நல்ல வேகம் கிடைக்கும். பக்கத்து வீட்டு வைஃபை நெரிசல் உள்ள அடுக்குமாடியில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் இந்த அலைவரிசை கண்ணுக்கே தெரியாது. பாதுகாப்பும் WPA3 ஆகத்தான் இருக்க வேண்டும். சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4-இல்தான் ஓடும், அவற்றுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சித்தப்பாவின் இணையத் திட்டம் 100 எம்பிபிஎஸ்தான். அதை 5 கிகாஹெர்ட்ஸே முழுதாகக் கொடுத்துவிடும் என்பதால், ஹால் டிவியை அதிலேயே விட்டுவிட்டோம்.